கதவு திறக்கவும் இடம் வேணும்: 15 அடி மனையில ஒரு வீட்டு பிளான்

இந்த எபிசோட்ல ஒரு சின்ன வீட்டோட பிளானை எடுத்து, அதுல கதவுகளை மட்டும் பேசப் போறோம். கேட்டுக்கிட்டே வரைய நினைக்கிறவங்க ஒரு கிராஃப் ஷீட், பென்சில், பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸ்ல இருக்கிற காம்பஸ் மூணையும் பக்கத்துல வச்சுக்கோங்க. 1 சென்டிமீட்டர்னா 1 அடி. அந்தக் கணக்குல முழு வீடும் ஒரே தாள்ல அடங்கலைன்னா இன்னொரு தாளை ஒட்டிக்கோங்க.

முதல்ல ஒரு விஷயம். பிளான்ல கதவை நாம பொதுவா சுவர்ல விட்ட ஒரு இடைவெளியாத்தான் பார்ப்போம். ஆனா கதவு தரையில கால் வட்டம் அளவு இடத்தை எடுத்துக்குது. இரண்டரை அடி பலகைன்னா, கீல் இருக்கிற புள்ளியிலிருந்து இரண்டரை அடி ஆரத்துல ஒரு கால் வட்டம். அந்த இடத்துல கட்டில் போட முடியாது, பீரோ வைக்க முடியாது, கதவு திறக்கிற நேரத்துல ஆளும் நிக்க முடியாது. பெரிய வீட்டுல இது யார் கண்ணுக்கும் படாது. 15 அடி அகல மனையில இதுதான் முழுப் பிரச்சனையும்.

நான் சொல்லப்போற வீடு வட சென்னையில எங்க சித்தியோடது. மனை 15 அடி அகலம், 40 அடி ஆழம். முன்னாடி 5 அடி, பின்னாடி 3 அடி, ஒரு பக்கம் 3 அடி சந்து விட்டுக் கட்டச் சொல்லி அவங்க இன்ஜினியர் எழுதிக் கொடுத்திருந்தார். உங்க மனைக்கு இது வேற மாதிரி இருக்கும். தெரு அகலம், மனை அகலம், கட்டட உயரம் எல்லாத்தையும் பொறுத்து மாறும். அதனால லைசென்ஸ் உள்ள ஒருத்தர்கிட்ட அந்த அளவை எழுத்தா வாங்கிட்டு அப்புறம் பென்சிலை எடுங்க.

மீதி 12 அடி அகலம். அதுல ரெண்டு பக்கமும் 9 இன்ச் சுவர் போனா உள்ளே 10 அடி 6 இன்ச். ஆழத்துல இதே மாதிரி கழிச்சா 30 அடி 6 இன்ச். வீடு முழுக்க இவ்வளவுதான். இன்னொரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டை ஒட்டி நிக்குது, அங்க ஜன்னல் வைக்க முடியாது. அதனால காத்து வேணும்ங்கிற கிச்சனும் பாத்ரூமும் சந்துப் பக்கம் போகணும். நடக்கிற வழி பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி வரணும். இப்படி யோசிச்சா பிளான் தானாவே வரிசையா அமைஞ்சிடுது. முன்னாடி 10 அடிக்கு ஹால். அதுக்குப் பின்னால சந்துப் பக்கமா கிச்சன், அடுத்து பாத்ரூம். இந்த ரெண்டையும் ஒட்டி ஒரு நீளமான வழி. வழி போய் முடியிற இடத்துல, வீட்டோட முழு அகலத்துக்கும் பெட்ரூம்.

பாத்ரூமுக்கு உள் அளவு 6 அடி 6 இன்ச்சுக்கு 4 அடி. நீளம் சந்துச் சுவரிலிருந்து வழி வரைக்கும், அகலம் வழியை ஒட்டி. அதுக்கு ஒரு நாலரை இன்ச் சுவர். இதெல்லாம் போக நடக்கிற வழிக்குக் கிடைச்சது 43.5 இன்ச், அதாவது மூணரை அடிக்குக் கொஞ்சம் மேல. பூச்சு பூசினதும் ஒரு இன்ச் குறையும்.

பெட்ரூம்ல தூங்கப் போறது பாட்டி. வாக்கர் பிடிச்சு நடக்கிறாங்க, ராத்திரியில ரெண்டு மூணு தடவை எழுந்திருப்பாங்க. அதனால இந்த வீட்டுல ரொம்ப முக்கியமான பயணம், பெட்ரூம் வாசலிலிருந்து பாத்ரூம் கதவு வரைக்கும் இருக்கிற அந்த நாலஞ்சு அடிதான்.

மேஸ்திரி வரைஞ்ச முதல் படத்துல பாத்ரூம் கதவு உள்பக்கம் திறந்துச்சு. நான் கேட்டதுக்கு, "தம்பி, பாத்ரூம் கதவை உள்ளதான் வைப்போம். வெளிய வச்சா நடக்கிறவங்க மேல இடிக்கும், தண்ணியும் வழியில சொட்டும்" அப்படின்னார். அவர் சொன்ன ரெண்டுமே உண்மை. அவர் கணக்குல வராம போனது ஒண்ணே ஒண்ணு. 4 அடி அகலமான அறையில ஒருத்தர் வழுக்கி விழுந்தா, அவங்க உடம்பு பெரும்பாலும் கதவுக்குப் பின்னாலதான் கிடக்கும். வெளியிலிருந்து தள்ளினா கதவு அவங்க மேலதான் மோதும். திறக்கவே முடியாது. வயசானவங்க இருக்கிற வீட்டுல சின்ன பாத்ரூம் கதவு வெளியே திறக்கணும்னு சொல்றதுக்குக் காரணம் இதுதான்.

சரி, வெளியே திறக்கட்டும். காம்பஸை எடுப்போம். இங்க ஒரு அளவுக் குழப்பம் வரும், கவனிங்க. "2 அடி 9 இன்ச் கதவு"ன்னு ஆசாரி சொன்னா அது பெரும்பாலும் நிலையோட வெளி அளவு, அதாவது 33 இன்ச். நிலையோட கால் ஒவ்வொண்ணும் இரண்டரை இன்ச். அப்போ ஆள் போற வழி 28 இன்ச்தான். பலகை நிலையோட பள்ளத்துல ரெண்டு பக்கமும் அரை அரை இன்ச் உட்காரும், அதனால பலகை 29 இன்ச். ஒரே கதவுக்கு மூணு அளவு. எதைச் சொல்றாங்கன்னு கேட்டு பிளான்லயே எழுதிடுங்க. பாட்டியோட வாக்கர் வெளி அளவு 23 இன்ச். 28-ல தாராளமா போகும்.

இப்போ 29 இன்ச் பலகையை வழியில திறந்து, சுவருக்கு நேர் குறுக்கா நிறுத்துங்க. 43.5 இன்ச் வழியில மிச்சம் 14.5 இன்ச். ஒரு ஆள் உடம்பைத் திருப்பிக்கிட்டுப் போகலாம். வாக்கர் போகாது.

அதனால கீல் எந்தப் பக்கம்ங்கிறதுல எல்லாம் இருக்கு. கீலை பெட்ரூம் பக்கம் வச்சுப் பாருங்க. பாட்டி பெட்ரூமிலிருந்து வந்து கதவை இழுத்தா, பலகை அவங்களுக்கும் பாத்ரூம் வாசலுக்கும் நடுவுல வந்து நிக்கும். அவங்க வாக்கரோட சுத்திப் போகணும், போக 14.5 இன்ச்தான் இருக்கு. பலகையை இன்னும் பின்னால தள்ளலாம்னு பார்த்தா அங்க பெட்ரூம் வாசல் இருக்கு.

அதையே ஹால் பக்கம் மாத்துங்க. கைப்பிடி பாட்டி பக்கம் வந்துடும். அவங்க பெட்ரூம் வாசல்ல நின்னபடியே இழுக்கலாம். அந்த இடம் கால் வட்டத்துக்கு வெளியே இருக்கு, அதனால பலகை அவங்க மேல படாது. அவங்களை விட்டு விலகி ஹால் பக்கமா போகும். வாசல் அவங்களுக்கு நேரா திறந்துடும்.

இதோட இன்னொரு வேலையும் செய்யலாம். பலகையை அப்படியே முழுசா மடக்கி, வழிச் சுவரோட ஒட்டிட்டா வழி திரும்ப முழு அகலம் ஆகிடும். அதுக்கு கீலுக்கு அந்தப் பக்கம் 29 இன்ச் வெறும் சுவர் வேணும். இருக்கான்னு பார்ப்போம். பாத்ரூம் அகலம் 48 இன்ச். நிலையை பெட்ரூம் சுவரை ஒட்டி வச்சா 33 போக மிச்சம் 15. கிச்சனுக்கும் பாத்ரூமுக்கும் நடுவுல இருக்கிற சுவர் நாலரை. ஆக 19.5. பத்தலை, ஏன்னா கிச்சன் வழியைப் பார்த்து முழுசா திறந்திருக்கு. அதனால கிச்சன் திறப்புல ஒரு அடிக்கு மட்டும் சுவரை நீட்டினோம். இப்போ 31.5 இன்ச். பலகை ஒட்டிக்கிச்சு. கிச்சனுக்கு இன்னும் அஞ்சரை அடி திறப்பு மீதி இருக்கு. அந்த ஒரு அடிச் சுவரை நாங்க அழகுக்காக வைக்கல, 29 இன்ச் பலகைக்காக வச்சோம்.

பெட்ரூம் கதவு வழியோட கடைசியில இருக்கு. அது வழிப்பக்கம் திறந்தா பாத்ரூம் கதவோட மோதும். அதனால உள்பக்கம் திறக்கணும். கீல் பக்கத்து வீட்டுச் சுவர் பக்கம், மூலையிலிருந்து 4 இன்ச் தள்ளி. அந்த 4 இன்ச் இல்லன்னா கைப்பிடி சுவர்ல முட்டி, கதவு முழுசா திறக்காது. இதுக்கு விலை, அந்தச் சுவர்ல 3 அடிக்கு பீரோ வைக்க முடியாது. பீரோவை எதிர்ப்பக்கம் வச்சோம். வைக்கும்போது பீரோ கதவுக்கும் காம்பஸ் போட்டுப் பாருங்க, அதுவும் கதவுதான்.

சாஃப்ட்வேர்ல நாங்க எந்த ஸ்விட்ச் இருந்தாலும் ஆன், ஆஃப் ரெண்டு நிலையிலும் டெஸ்ட் பண்ணுவோம். கதவும் அப்படித்தான். ரெண்டு கதவுன்னா நாலு நிலை: ரெண்டும் மூடி, ரெண்டும் திறந்து, ஒண்ணு மட்டும், இன்னொண்ணு மட்டும். ஒவ்வொண்ணுலயும் பென்சிலை பாட்டியா நினைச்சு கட்டில்லேர்ந்து பாத்ரூம் வரைக்கும் கோடு போடுங்க. ரெண்டு கால் வட்டம் வெட்டிக்கிட்டாலே தப்புன்னு இல்ல. ஒரே நேரத்துல திறக்காத கதவுகள் வெட்டிக்கலாம். ஹால் கதவும் கிச்சன் அலமாரியும் ஒரு உதாரணம். ஆனா ராத்திரியில பெட்ரூமும் பாத்ரூமும் ஒண்ணாத்தான் திறக்கும், இவை வெட்டவே கூடாது.

ஸ்லைடிங் கதவு வச்சா இந்தக் கவலையே இல்லையேன்னு கேப்பீங்க. அதுக்கும் நகர்ந்து நிக்க பலகை அளவு வெறும் சுவர் வேணும், அதாவது அதே 29 இன்ச். இந்த வீட்டுல அந்த ஒரு அடிச் சுவர் கட்டின அப்புறம்தான் ஸ்லைடிங் கூட வைக்க முடியும். அதோட பாத்ரூம்ல தண்ணியும் சோப்பும் கீழ் தண்டவாளத்துல சேரும், இழுக்கக் கனமாகும். மேலிருந்து தொங்குற வகை பரவாயில்லை, ஆனா சத்தமும் வாடையும் கசியும்.

கடைசியா, தாள்ல சரியா வந்தது சைட்ல மாறிப் போற இடம் ஒண்ணு இருக்கு. கதவு எந்தப் பக்கம் திறக்கும்னு முடிவு பண்றது, நிலையில பலகை உட்கார வெட்டியிருக்கிற அந்தப் பள்ளம்தான். பள்ளம் வழியைப் பார்த்து இருந்தா வெளியே திறக்கும், பாத்ரூமைப் பார்த்து இருந்தா உள்ளே. நிலையைச் சுவர்ல கட்டிட்டா அப்புறம் உடைச்சுத்தான் மாத்தணும். பலகை முழுசா மடங்கணும்னா நிலையோட முகம் வழிப்பக்கச் சுவரோட சமமா இருக்கணும். உள்ளே தள்ளிப் போச்சுன்னா பலகை சுவரோட விளிம்புல முட்டி பாதியிலயே நின்னுடும். அதனால நிலை நிறுத்துற அன்னைக்குக் காலையில அங்க இருங்க. ஒரு நூலும் சாக்பீஸும் எடுத்துட்டுப் போய், கீல் வர்ற இடத்துல நூலைப் பிடிச்சு தரையிலயே கால் வட்டம் போடுங்க.

நாங்க அப்படிப் போட்டதும் சித்தி வாக்கரோட அந்தப் பாதையில ரெண்டு தடவை நடந்து பார்த்தாங்க. மேஸ்திரி கோட்டைப் பார்த்துட்டு, "சரி தம்பி, வெளியவே வச்சிடலாம். கீழே ஒரு ரப்பர் பட்டை அடிச்சா தண்ணி சொட்டறது குறையும்" அப்படின்னார். நான் நினைக்காத யோசனை அது. கூடவே ஒரு பூட்டும் சேர்த்துக்கோங்க: உள்ளே தாழ் போட்டிருந்தாலும் வெளியிலிருந்து நாணயத்தை வச்சுத் திருப்பித் திறக்கிற வகை. உள்ளே சாதாரண தாழ்ப்பாள் அடிச்சிட்டா, ஆபத்து நேரத்துல அந்தக் கதவு வெளியே திறக்கிறதுல பெரிய பயன் இல்லாம போயிடும்.

உங்க வீட்டு பிளான் கையில இருந்தா, அதுல ஒவ்வொரு கதவுக்கும் கால் வட்டம் போட்டுப் பாருங்க. எங்க முட்டுதுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.