ஒரு பாட்டும் மூன்று நினைவும்



ஓர் ஊரில் நடவுப் பாட்டு ஒன்றைப் பதிவு செய்யச் செல்வோர் முதலில் எதிர்கொள்ளும் இடர் ஒன்றுண்டு. ஒரு முதியவர் பாடி முடித்ததும், பக்கத்தில் இருப்பவர் “அப்படி இல்லை, எங்கள் ஆத்தாள் வேறு மாதிரிப் பாடுவாள்” என்பார். மூன்றாமவர் இருவரையும் மறுப்பார். மூவரில் எவர் பாடியது சரியானது? எதனை எழுதுவது?

ஏட்டுச்சுவடிப் பதிப்புக்கு இதே வினா முன்னரே எழுந்ததுண்டு. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது பல சுவடிகளை ஒப்புநோக்கினார். பொருள் விளங்காத இடங்களைக் கும்பகோணத்துச் சமணப் பெருமக்களிடம் கேட்டுத் தெளிந்தார். சுவடிகள் தம்முள் வேறுபட்டாலும், திருத்தக்கதேவர் இயற்றிய நூல் ஒன்றே. எழுதுவோர் கைப்பிழையால் நேர்ந்த திரிபுகளை நீக்கி அதனை அணுகுவதே பதிப்பாசிரியரின் கடமை. ஆகவே தக்க பாடத்தை மேலே வைத்து, ஏனையவற்றைப் பாடபேதமாகக் கீழே காட்டுவது அங்கே முறையாகும்.

வாய்மொழிப் பாட்டுக்கு அம்முறை பொருந்தாது. அதற்கு மீட்டெடுக்க வேண்டிய ஒரு மூல ஏடு கிடையாது. பாடுபவர் மனப்பாடத்தை ஒப்பிப்பதில்லை. மெட்டும் மோனையும் கதைப்போக்கும் கையில் இருக்க, வேலைக்கும் கேட்போர்க்கும் ஏற்பப் பாட்டை மீண்டும் கட்டுகிறார். ஆல்பர்ட் லார்ட் என்னும் அமெரிக்க அறிஞர் யூகோஸ்லாவிய நாட்டுக் கதைப்பாடகர்களை ஆராய்ந்து 1960-இல் வெளியிட்ட நூலில், ஒவ்வொரு முறை பாடுவதும் தன்னளவில் ஒரு மூலமே என்று நிறுவினார். அவருக்கு முன்பே, பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு 305 ஆங்கில, ஸ்காட்லாந்துக் கதைப்பாடல்களை 1882 முதல் 1898 வரை வெளியிட்டபோது, ஒரே பாடலின் வடிவங்களை ஒன்றாகக் கலக்காமல், எழுத்துக் குறியிட்டுத் தனித்தனியே அச்சிட்டார்.

கலந்துவிட்டால் என்ன இழப்பு? அதற்குத் தமிழிலேயே சான்று உண்டு. மதுரைப் பல்கலைக்கழகம் 1970-களின் தொடக்கத்தில் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல்களை வெளியிட்டது. அவற்றுள் ஒன்று முத்துப்பட்டன் கதை. அந்தணனாகிய முத்துப்பட்டன், அருந்ததியர் குலத்து வாலப்பகடையின் மகளிராகிய பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்க விரும்பிப் பூணூலைத் துறந்து, செருப்புத் தைக்கும் தொழிலையும் மேற்கொள்கிறான். இக்கதையின் ஒரு வடிவத்தில் அப்பெண்கள் வாலப்பகடைக்குப் பிறந்தவர்கள். மற்றொன்றிலோ அவர்கள் அந்தணர் குலத்தில் பிறந்து காட்டில் விடப்பட்டு, அவனால் வளர்க்கப்பட்டவர்கள். குல மரபை மீறிய மணத்தைப் பொறாத கைகள் செய்த மாற்றம் இது என்று வானமாமலை காட்டினார். இரண்டு வடிவங்களையும் ஒன்றாக்கி ஓர் “அழகிய” பாடம் செய்திருந்தால், இந்த மாற்றம் நிகழ்ந்த தடமே மறைந்துபோயிருக்கும்.

இனி, மதுரைச் சமவெளியில் மூன்று மூதாட்டியரிடம் ஒரு நடவுப் பாட்டைப் பதிவு செய்வதாகக் கொள்வோம். கீழ்வரும் வரிகள் இவ்விளக்கத்திற்காகவே அமைக்கப்பட்டவை. முதலாமவர் பாடுவது:

வைகை பெருகிவர வரப்பெல்லாம் நீர்ததும்ப
நாத்து முடிபிரிச்சு நாலுவெரல் விட்டுநட்டேன்
நட்ட நடவுகண்டு நாலுபடி தந்தாரே

இரண்டாமவர் “வரப்பெல்லாம்” என்பதற்கு “வயக்காடு” என்கிறார். ஏனையவை முதலாமவர் பாடியபடியே. மூன்றாமவர் முதல் வரியை “கம்மாய் பெருகிவர கரையெல்லாம் நீர்ததும்ப” என்றும், கடைசி வரியை “நாலுபடி கொறச்சாரே” என்றும் பாடுகிறார்.

முதற்படி, மூவரையும் தனித்தனியே பாடச் செய்தல். ஒன்றாக அமர்த்தினால் குரல் ஓங்கியவரின் பாடமே மற்றவர் வாயிலும் வரும். பாடும்போது குறுக்கிட்டுத் திருத்தலும் சொல் எடுத்துக் கொடுத்தலும் ஆகா. ஐயங்களைப் பாட்டு முடிந்தபின் கேட்கலாம். இரண்டாம் படி, சில நாள் கழித்து அவர்களையே மறுமுறை பாடச் செய்தல். இதனைப் பலர் விட்டுவிடுகின்றனர். வேறுபாட்டின் இயல்பைக் காட்டுவதோ இதுதான்.

மறுமுறை பாடும்போது முதலாமவரே “வயக்காடு” என்று பாடினால், அது ஆளுக்கு ஆள் வேறுபட்ட பாடம் அன்று. மோனைக்குப் பொருந்தும் இரு சொற்களை அவர் மாற்றி மாற்றிக் கையாளுகிறார் என்பதே பொருள். அதனை அவ்வடிவத்தின் அடிக்குறிப்பில் நாளோடு குறித்தால் போதும்.

“வைகை – வரப்பு”, “கம்மாய் – கரை” என்பனவற்றைப் பார்வைக்கு இரண்டு வேறுபாடுகளாக எண்ணத் தோன்றும். உண்மையில் அது ஒன்றே. முதற்சொல் மாறியதும் மோனை காக்க அடுத்த சொல்லும் உடன் மாறியது. எனவே இவ்விணையை ஒரே எண்ணிட்டுக் குறிக்க வேண்டும். பாடியவரின் பிறந்த ஊரையும் புகுந்த ஊரையும் கேட்டால் பெரும்பாலும் காரணம் புலப்படும்: ஒருவர் ஆற்றுக்கால் பாயும் ஊரில் நட்டவர், மற்றவர் மழைநீரைத் தேக்கும் கம்மாயை நம்பிய ஊரில் நட்டவர். வைகையை “மூலம்” என்று மேலே வைத்துக் கம்மாயைக் கீழே தள்ளினால், ஓர் ஊரின் பாட்டு மற்றோர் ஊரின் பிழையாகிவிடும்.

“தந்தாரே”, “கொறச்சாரே” என்பன பொருளையே மாற்றுகின்றன. ஒன்று நிலக்கிழாரைப் புகழ்கிறது. மற்றொன்று கூலிக் குறைவை முறையிடுகிறது. இங்கே கேட்டிருந்தோர் யாவர் என்ற குறிப்பு இன்றியமையாதது. முதன்முறை நிலத்துக்குரிய குடும்பத்தார் உடனிருக்க “தந்தாரே” என்று பாடிய இரண்டாமவர், மறுமுறை பெண்கள் மட்டும் சூழ்ந்திருக்கையில் “கொறச்சாரே” என்று பாடக்கூடும். அப்போது அவர் மறந்துவிட்டார் என்று கொள்வது தவறு. இரண்டையும் அறிந்தவர், இடமறிந்து பாடியிருக்கிறார். இத்தகைய வேறுபாட்டை அடிக்குறிப்பில் அடக்காமல், இரு பதிவுகளையும் முழு வடிவங்களாகவே தருதல் வேண்டும்.

எழுதும் முறையிலும் சில வரையறைகள் தேவை. ஒவ்வொரு வடிவத்துக்கும் அ, ஆ, இ எனக் குறியிட்டு, வரி எண்களை ஒத்திசைத்து, ஒருவர் பாடாத வரியின் இடத்தில் கோடிட்டுக் காட்டலாம். பாடியவர் தாமே “தவறிவிட்டது” என்று திருத்திக்கொண்டால், திருத்திய சொல்லைப் பாடத்திலும் முதற்சொல்லைக் குறிப்பிலும் வைக்கலாம். “நாத்து” என்பதை “நாற்று” என்றும், “கொறச்சாரே” என்பதைக் “குறைத்தாரே” என்றும் மாற்றலாகாது. தமிழ் கற்றோர்க்கு இக்கை எளிதில் ஓடும். ஆயினும் மெட்டின் அளவும் ஊரின் பேச்சும் அந்த ஒலியில்தான் தங்கியுள்ளன. இலக்கிய வடிவத்தைச் சொற்பொருளில் தருவதே தக்கது. பாடியவரின் வயது, பாட்டை யாரிடம் கற்றார், பதிவு செய்த நாள், இடம், உடனிருந்தோர் ஆகிய குறிப்புகள் ஒவ்வொரு வடிவத்தின் தலையிலும் அமைய வேண்டும். பெயரை அச்சிடுவதற்கு அவர்தம் இசைவு பெறுதல் முறை. கூலிக் குறைவைப் பாடியவருக்கு அது உண்மையான கவலையாகவும் இருக்கலாம்.

விழா மேடையில் சிறுவர் பாட ஒரு பாடம் வேண்டுமெனில், மூன்றிலிருந்தும் தொகுத்து அமைப்பதில் குற்றமில்லை. “மேடைக்காகத் தொகுத்தது” என்று அதன் தலைப்பில் எழுதி, எவ்வரி எவ்வடிவத்தினது என்பதையும் காட்டிவிட வேண்டும். அக்குறிப்பு இல்லையேல், ஒரு தலைமுறைக்குள் அத்தொகுப்பே பழம்பாட்டு என நிலைத்துவிடும். கம்மாய்க்கரையில் நட்டவளின் முறையீடு எவர் செவிக்கும் எட்டாது.