கழுவிய தொட்டிக்குக் குளோரின்: அளவும் நேரமும்

(துவாக்குடியில், சுற்றுப்புற ஊராட்சிகளின் தலைவர்களும் மேல்நிலைத் தொட்டி இயக்குவோரும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் நிகழ்த்திய உரை)

முதலில் நமது பிழையொன்றை ஒப்புக்கொண்டு இவ்வுரையைத் தொடங்குகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு வட்டாரத்தில் பணியாற்றியபொழுது, பொங்கலுக்கு முன்னர் எல்லா மேல்நிலைத் தொட்டிகளையும் கழுவி, “போதிய அளவு குளோரின் இடவும்” என்று நாம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினோம். போதிய அளவு எவ்வளவு என்று அதில் எழுதவில்லை. ஓர் ஊரில் தொட்டி இயக்குபவர், அதிகம் இட்டால் அதிக நன்மை என்றெண்ணி, பிளீச்சிங் பவுடரைக் கைகொள்ளுமட்டும் அள்ளிக் கொட்டிவிட்டார். மறுநாள் காலை குழாய் நீரில் மூக்கைத் துளைக்கும் நெடி. பெண்கள் குடத்தைக் கவிழ்த்துவிட்டு, ஊருக்கு வெளியேயிருந்த திறந்த கிணற்றுக்குச் சென்றனர். அவ்வாரத்திலேயே குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. குழாய் நீரால் அன்று. அதை விட்டு ஓடச் செய்தமையால். அன்று எழுதத் தவறிய கணக்கை இன்று தங்கள்முன் வைக்கவே வந்திருக்கிறோம்.

தொட்டியைத் தேய்த்துக் கழுவிய பின்னரும் மருந்து ஏன் வேண்டும் என்று கேட்கலாம். உள்ளே இறங்கியவரின் காலும், துடைப்பமும், வாளியும் வெளியிலிருந்து வந்தவை. சுவரின் நுண்ணிய துளைகளில் வழவழப்பான படலம் சிறிதேனும் எஞ்சியிருக்கும். 1993ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் கிடியன் என்னும் சிற்றூரில், பழுதுற்ற மூடியின் வழியே புறாக்கள் புகுந்த மேல்நிலைத் தொட்டியிலிருந்து சால்மோனெல்லாக் கிருமி ஊர் முழுவதும் பரவியது; 7 பேர் இறந்தனர். அவ்வூர் நீரில் குளோரின் இடும் வழக்கமே இல்லை. குழாய்களைக் கழுவிவிட முனைந்தபோது தொட்டியின் அடிவண்டல் கலங்கி நீருடன் சென்றதே நோய் பரவக் காரணமென்று ஆய்ந்தோர் கருதினர். வண்டலை வெளியேற்றாமல் கலக்கிவிடுவதும், கழுவியபின் கிருமியை அழிக்காமல் விடுவதும் எத்தகைய ஆபத்து என்பதற்கு இதுவே சான்று.

இங்கு ஒரு குழப்பத்தை நீக்க வேண்டும். நம் ஊர்களில் 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்னும் அளவு பழக்கத்தில் உள்ளது. அது நாள்தோறும் குடிநீரில் இடுவதற்குரிய அளவு. பவுடரில் நூற்றுக்கு 33 பங்கு குளோரின் இருந்தால், அது லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 மில்லிகிராம் ஆகும். நீரில் மிதக்கும் கிருமிக்கு அது போதும். கழுவிய சுவரின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் கிருமிக்குப் போதாது. சுவருக்கு வலுவான கரைசல் வேண்டும்.

குளோரினின் வலிமையும், அது பட்டிருக்கும் நேரமும் சேர்ந்தே வேலை செய்கின்றன. வலிமையைக் கூட்டினால் நேரத்தைக் குறைக்கலாம்; குறைத்தால் நேரத்தைக் கூட்ட வேண்டும். அமெரிக்க நீர்வழங்கல் சங்கத்தின் நெறிமுறையில் சொல்லப்படும் வழிகளுள் இரண்டு நமக்குப் பயன்படும். முதல் வழி, லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரின் உள்ள கரைசலை உட்புறம் முழுவதும் பூசி, 30 நிமிடம் விடுவது. இரண்டாவது வழி, தொட்டியின் கொள்ளளவில் 20இல் ஒரு பங்கு நீரை 50 மில்லிகிராம் வலிமையில் அடியில் 6 மணி நேரம் நிறுத்தி, பின்னர் அதன்மேலேயே தொட்டியை நிரப்பி 24 மணி நேரம் வைப்பது.

எவ்வழியாயினும் பவுடரின் எடையைக் காணும் கணக்கு ஒன்றே. வேண்டிய வலிமையை லிட்டர் கணக்கால் பெருக்குக. பவுடரிலுள்ள குளோரின் சதவீதத்தைப் பத்தால் பெருக்கி, அதனால் வகுக்க. வருவது கிராம் எடை.

பவுடரின் சதவீதம் என்பதில்தான் பலரும் ஏமாறுகின்றனர். புதிய மூட்டையில் 33 அளவில் இருப்பது, வாய் திறந்து ஈரமும் வெயிலும் பட்டு இருக்குமாயின் நாளுக்கு நாள் குறையும். கட்டி கட்டியாக இறுகி, நெடியின்றி இருக்கும் பவுடரைச் சுண்ணாம்பென்றே கொள்ளலாம். சோதித்தறிய இயலாத இடத்தில், நன்கு மூடி வைத்த பவுடருக்கு 25 என்று கொள்வது நலம்.

இனி ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 30,000 லிட்டர். உள்விட்டம் 4 மீட்டர். நீர் நிற்கும் உயரம் 2.4 மீட்டர். சுவரின் பரப்பு சுமார் 30 சதுர மீட்டர். தரை சுமார் 13. நீர்மட்டத்துக்கு மேலுள்ள சுவர், ஏணி, குழாய் வாய் ஆகியவற்றையும் சேர்த்துப் பூச 60 லிட்டர் கரைசல் போதும் எனக் கொள்வோம். 200ஐ 60ஆல் பெருக்க 12,000. 250ஆல் வகுக்க 48 கிராம். ஆம், ஐம்பது கிராமுக்கும் குறைவுதான்! நம் பழைய ஊரில் கொட்டியது எத்தனை மடங்கு என்பதை எண்ணிப் பாருங்கள்.

பூசும் முறை இது. ஊருக்குச் செல்லும் வால்வை மூடி, கழிவு வால்வைத் திறந்து, வண்டலை முற்றும் வெளியேற்றிச் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பின் பவுடரைப் பிளாஸ்டிக் வாளியில் சிறிது நீர்விட்டுக் குழைத்து, மேலும் நீர் ஊற்றிக் கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட வேண்டும். தெளிந்த நீரை மட்டும் இறுத்து 60 லிட்டராக்க வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பைத் தொட்டிக்குள் விடலாகாது. மேலிருந்து கீழாகப் பூசிவந்து, ஏணியருகே முடித்து வெளியேறுதல் வேண்டும். 30 நிமிடத்துக்குள் சுவர் உலர்ந்துவிடுமாயின் மீண்டும் நனைக்க வேண்டும். உலர்ந்த சுவரில் மருந்து நின்றுவிடும், நேரம் மட்டும் ஓடும்.

உள்ளே இறங்குபவரைத் தனியே விடுதல் கூடாது. மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்து நிற்க வேண்டும். மூடிகள் யாவும் திறந்திருக்க வேண்டும். கையுறையும் கண்ணாடியும் அவசியம். கண் எரிந்தாலோ இருமல் வந்தாலோ உடனே மேலே வந்துவிட வேண்டும். கழிவறை கழுவும் ஆசிட் பட்ட வாளியில் பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் கரைக்காதீர்கள். குளோரின் வாயு எழும், அது காற்றினும் கனமானதால் தொட்டியின் அடியிலேயே தங்கும்.

அரை மணி கழிந்ததும் தொட்டியை நிரப்பலாம். பூசிய மருந்தைக் கழுவிக் கொட்ட வேண்டுமா? கணக்கே விடை சொல்லும். பூசிய குளோரின் முழுவதும் 12 கிராம். 30,000 லிட்டரில் கரைந்தால் லிட்டருக்கு 0.4 மில்லிகிராம். அது தீங்கு செய்யாது. காலையில் கழுவத் தொடங்கினால் மாலைக்குள் ஊருக்கு நீர் விடலாம். நீருக்காகக் குடத்துடன் காத்திருப்போர் வேறு கிணற்றை நாடவேண்டிய நிலை வாராது.

ஆள் இறங்கிப் பூச இயலாத தொட்டிக்கு இரண்டாம் வழியைக் கொள்க. கழுவியபின் 1500 லிட்டர் நீர் விட்டு, 50 மில்லிகிராமுக்கு 300 கிராம் பவுடரைத் தெளியவைத்து ஊற்றுக. 6 மணி நேரம் கழித்து நிரப்பினால் வலிமை 20இல் ஒரு பங்காகி 2.5 மில்லிகிராம் ஆகும். 24 மணி கழித்தும் 2 மில்லிகிராமுக்குக் குறையாதிருந்தால் வேலை முடிந்தது. ஒன்றேகால் நாள் ஊருக்கு நீர் இராது. ஆகவே முன்னதாகத் தண்டோரா போட்டு, மாற்று நீருக்கு ஏற்பாடு செய்தபின்னரே தொடங்குக.

குளோரின் குறைந்துவிட்டால் காரணம் யாது? இதனை அறிய எளிய வழியுண்டு. தொட்டியிலிட்ட அதே கரைசலிலிருந்து ஒரு வாளி எடுத்துச் சுத்தமான வாளியில் மூடி நிழலில் வையுங்கள். 6 மணி கழித்து வாளியிலும் வலிமை இல்லையெனில் பவுடர் கெட்டது. வாளியில் இருந்து, தொட்டியில் மட்டும் குறைந்திருந்தால் தொட்டியில் வண்டலோ பாசியோ இருக்கிறது. மருந்தைக் கூட்டுவதில் பயனில்லை, மீண்டும் தேய்க்க வேண்டும்.

சோதிக்கும்போதும் ஓர் எச்சரிக்கை. குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாகும் மாத்திரைச் சோதனையில், குளோரின் மிகுந்திருந்தால் அந்நிறமே வெளுத்து, குளோரின் இல்லையென்று பொய் சொல்லும். ஆகவே வலுவான நீரைக் கலந்து சோதிக்க வேண்டும். 10 மில்லிலிட்டரை, காய்ச்சி ஆறிய நீரால் ஒரு லிட்டராக்கிச் சோதித்து, கண்ட அளவை 100ஆல் பெருக்குக. 50 மில்லிகிராமுக்கு அது 0.5 எனக் காட்டும். நிரப்பிய தொட்டியின் நீருக்கு ஐந்தில் ஒரு பங்காக்கினால் போதும்.

இறுதியில், நாள்தோறும் இடும் அளவை இட்டு அரை மணி பொறுத்து, ஊரின் கடைசிக் குழாயில் சோதியுங்கள். அங்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். 30,000 லிட்டருக்கு நாளளவு 33 சதவீதப் பவுடரில் 120 கிராம். 25 சதவீதப் பவுடரில் சுமார் 160 கிராம். மறுநாள், கிருமிநீக்கிய புட்டியில் நீரெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புக. குளோரின் கிருமியைக் கொன்றதா என்று ஆய்வகமே உறுதி கூறும். நிறச் சோதனை குளோரின் இருப்பதை மட்டுமே காட்டும்.

அன்பர்களே, கழுவிய தேதியைத் தொட்டியின் தூணில் எழுதுகிறோம் அல்லவா? அதன் கீழே இன்னும் மூன்று எண்களை எழுதுமாறு வேண்டுகிறோம்: பூசுவதற்கு 48 கிராம், அடிநீருக்கு 300 கிராம், நாள்தோறும் 160 கிராம். தங்கள் தொட்டியின் கொள்ளளவுக்கேற்ப அவ்வெண்கள் மாறும். இக்கூட்டம் முடிந்ததும் ஒவ்வொரு தொட்டிக்கும் அவற்றைக் கணக்கிட நாம் தாள்களுடன் காத்திருக்கிறோம். “போதிய அளவு” என்ற சொல்லை இனி நமது சுற்றறிக்கைகளில் தாங்கள் காணமாட்டீர்கள்.