ஓர் உரையும் ஒரு வாக்கியமும்



யாருடைய நினைவாக இச்சொற்பொழிவு ஆண்டுதோறும் நடைபெறுகின்றதோ, அந்த ஆசிரியப் பெருந்தகையிடம் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு ஆண்டுகள் தமிழ் பயிலும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. வாரத்துக்கு ஒரு குறளைப் பரிமேலழகர் உரையோடு பாடம் சொல்லி, அவ்வுரை முழுவதையும் ஒரே வாக்கியமாக, வீட்டில் நம் தாய்மார் கேட்டால் விளங்கும் தமிழில் எழுதிக்கொண்டு வரவேண்டும் என்று அவர் கட்டளையிடுவது வழக்கம். சுருக்கி எழுதுவதுதானே என்று நாங்கள் அலட்சியமாக எண்ணினோம். அது சுருக்கும் வேலையன்று என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அந்த வேலை எத்தகையது என்பதை, அவர் எனக்கு முதன்முதலாகக் கொடுத்த வான்சிறப்பு அதிகாரத்துக் கடைசிக் குறளாகிய, "நீரின்று அமையாது உலகெனின் யார்யார்க்கும் வானின்று அமையாது ஒழுக்கு" என்னும் இருபதாம் குறளை வைத்தே இன்று சொல்ல விரும்புகிறேன்.

அக்குறளுக்கு நான் எழுதிச் சென்ற வாக்கியம் இது: "தண்ணீர் இல்லாமல் உலகம் இல்லை, மழை இல்லாமல் தண்ணீர் இல்லை." கேட்பதற்கு அழகாயிருந்தபடியால், பாராட்டுக் கிடைக்கும் என்றே எதிர்பார்த்தேன். ஆசிரியரோ நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் சிவப்பு மையினால் மூன்று சொற்களை மட்டும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வினாக்குறி இட்டுத் திருப்பித் தந்தார். யார்யார்க்கும், எனின், ஒழுக்கு என்பவையே அம்மூன்று சொற்கள். என் பக்கத்தில் அமர்ந்திருந்த தோழனின் கதி இன்னும் பரிதாபம். குறளில் வரும் 'இன்று' என்பதை இன்றைய தினம் என்று அவன் கொண்டுவிட்டான். 'இன்றி' என்னும் சொல் செய்யுளில் 'இன்று' எனத் திரிந்து வருவது இலக்கணம் அனுமதித்த வழக்கு என்பதை அன்றுதான் நாங்கள் தெரிந்துகொண்டோம்.

பரிமேலழகர் இக்குறளுக்கு எழுதியிருப்பது அச்சில் அரைப் பக்கத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் அந்த அரைப் பக்கத்துக்குள் வெவ்வேறு காரியங்களைச் செய்யும் பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. முதலில், பாட்டின் சொற்களைக் கொண்டுகூட்டிப் பொருள் தரும் பொழிப்பு. அதன்பின், உலகு என்ற சொல்லை உலகியல் என்று கொண்டு, பொருளும் இன்பமும் இம்மையைச் சார்ந்தவையாதலால் அவை அச்சொல்லால் குறிக்கப்பட்டன என்று காட்டும் விளக்கம். நீர் இடையறாமல் ஒழுகுவது என்பது எக்காலத்திலும் எவ்விடத்திலும் அது உளதாயிருத்தலே என்பது அடுத்த விளக்கம். முதலடியில் சொன்னது எல்லாரும் ஐயமின்றி அறிந்த விஷயமாதலால், அதைக்கொண்டு அடுத்து வருவதும் தெளியப்படும் என்று, புலவர் அவ்வாறு தொடங்கியதற்குக் காரணம் கூறும் பகுதி நான்காவது. பின்னர், வேறொரு பொருள் சொல்வாரும் உண்டு என்று பெயர் குறிப்பிடாமல் ஒரு பதிவு. முடிவில், இக்குறளையும் இதற்கு முந்திய இரண்டு குறள்களையும் சேர்த்து, அறமும் பொருளும் இன்பமும் நடப்பதற்கு மழையே காரணம் என்பது இம்மூன்றாலும் சொல்லப்பட்டது என்னும் முடிவுரை.

இவற்றுள் பொழிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவதுதான் நம்மில் பெரும்பாலோர் செய்வது. பொழிப்பு ஏற்கனவே ஒரு வாக்கியமாக இருப்பதால் வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் பொழிப்பு என்பது மற்றப் பகுதிகள் அருகிலேயே நிற்கின்றன என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. அவற்றை நீக்கிவிட்டுப் பொழிப்பை மட்டும் இக்காலத் தமிழாக்கினால், அது தாங்கிக்கொண்டிருந்த பாரம் எங்கோ நழுவிப் போகும். ஆகவே நான் இப்போது கைக்கொள்ளும் முறை வேறு. உரையின் ஒவ்வொரு குறிப்பையும் பார்த்து, இது என் வாக்கியத்தில் எந்த இடத்தில் சென்று தங்கும் என்று கேட்கிறேன். சில குறிப்புக்கள் சொல்லாகத் தங்கும். சில விகுதியாகவோ இடைச்சொல்லாகவோ தங்கும். சில எங்கும் தங்கமாட்டா, அவற்றை அறிந்தே விடவேண்டும்.

'ஒழுக்கு' என்பதை முதலில் பார்ப்போம். ஓட்டு வீட்டில் மழைக்காலத்தில் ஒழுக்கு என்று இன்றும் சொல்கிறோம்; அந்தச் சொல்தான் இது. ஆனால் நீரொழுக்கு என்றவுடன் ஆற்றின் ஓட்டம் மட்டுமே மனத்தில் தோன்றுமாயின், உரையாசிரியர் வேண்டுமென்றே சேர்த்த எக்காலத்தும் எவ்விடத்தும் என்ற விரிவு வீணாகிவிடும். எங்கள் ஊரில் பொதுக்கிணறு ஒன்று இருந்தது. சித்திரை பிறந்தால் வாளிக் கயிறு எட்டாமல், இன்னொரு துண்டுக் கயிற்றை முடிச்சுப் போட்டு இணைப்பார்கள். அந்த முடிச்சு நாளுக்கு நாள் உருளையைத் தாண்டிக் கிணற்றுக்குள் கீழே கீழே இறங்கிக்கொண்டே போகும். ஐப்பசி மழை நின்று பெய்த பின் ஒரு நாள் அந்தத் துண்டுக் கயிறு அவிழ்க்கப்பட்டுக் கிணற்றடி மரத்தில் சுருட்டி மாட்டப்படும். கிணற்றில் ஓட்டம் ஏது? ஆயினும் அந்த முடிச்சு இறங்குவதும் ஏறுவதும் எதைக் காட்டியதோ, அதையே உரையாசிரியர் 'ஒழுக்கு' என்பதன் பொருளாகக் கண்டார் என்று நான் கருதுகிறேன். ஆதலால் 'ஓடுதல்' என்னும் சொல் என் வாக்கியத்துக்கு உதவாது. 'கிடைத்துக்கொண்டே இருப்பது' என்பதுதான் உதவும். அதிலுள்ள ஏகாரம் உரையிலுள்ள இடையறாமையைச் சுமக்கிறது.

அடுத்தது 'எனின்'. இன்றைய தமிழில் 'என்றால்' என்பது சில வேளைகளில் சந்தேகத்தையும் குறிக்கும், சில வேளைகளில் ஒப்புக்கொண்ட விஷயத்தையும் குறிக்கும். "நாளை மழை வந்தது என்றால்" என்பது முதல் வகை. "அவனாலேயே முடியவில்லை என்றால் வேறு யாரால் முடியும்" என்பது இரண்டாம் வகை. குறளில் இருப்பது இரண்டாம் வகை என்பதைத்தான் உரையின் நான்காம் பகுதி நமக்குச் சொல்லுகிறது. அந்தப் பகுதியை அப்படியே வாக்கியத்துக்குள் கொண்டுவர நான் ஒருமுறை முயன்று, "என்பது எல்லாரும் அறிந்ததாகையால்" என்று எழுதிப் பார்த்தேன். வாக்கியம் சரியாயிருந்தது, ஆனால் எளிமை போய்விட்டது, உரையே சற்று மெலிந்து வந்து நிற்பது போலத் தோன்றிற்று. பிறகு 'என்றால்' என்பதை வைத்துக்கொண்டு, வாக்கியத்தின் பின்பாதியில் ஓர் உம்மையைச் சேர்த்து, இரண்டு பாதிகளையும் ஒரே வினைச்சொல்லால் முடித்தேன். அது நடக்காது என்றால் இதுவும் நடக்காது என்னும் அமைப்பு வந்தவுடன், சந்தேகம் நீங்கி அனுமானம் நின்றது.

'யார்யார்க்கும்' எந்தப் பாதியைச் சேர்ந்தது என்பது மிக நுட்பமான விஷயம். பரிமேலழகர் அதை முன்பாதியோடு கூட்டி, எவ்வகை மேம்பாடு உடையவர்க்கும் நீரின்றி உலகியல் நடவாது என்று கொள்கிறார். அவர் குறித்துவைக்கும் மற்றவர் உரையோ அதைப் பின்பாதியோடு கூட்டி, 'ஒழுக்கு' என்பதற்கு ஒழுக்கம் என்றே பொருள் கொண்டு, எத்தகையவர்க்கும் மழையின்றி ஒழுக்கம் நிரம்பாது என்கிறது. நூற்று அறுபத்தொன்றாம் குறளில் 'ஒழுக்காறு' என்பது ஒழுக்க நெறியையே குறிப்பதால், அவ்வுரைக்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. பூசையும் தானமும் தவமும் மழையின்றி நடவா என்ற இரண்டு குறள்களுக்கு அடுத்து ஒழுக்கம் வருவது அதிகாரப் போக்கிற்கும் பொருந்துகிறது. என் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்டால், என் மனம் அந்தப் பக்கமே சாய்கிறது என்பதை மறைக்கமாட்டேன். ஆனால் நான் எடுத்துக்கொண்ட பணி பரிமேலழகர் உரையை வாக்கியமாக்குவது. ஆதலால் என் வாக்கியம் அவருடையதாகவே இருக்க வேண்டும்.

இங்கேதான் தவறு நேர்வது எளிது. இரண்டு உரைகளையும் அறிந்தவன் இரண்டையும் விட மனமில்லாமல், நீர்வளமும் ஒழுக்கமும் மழையின்றி நிலைபெறா என்று எழுதிவிடுவான்; அது எந்த உரையாசிரியரும் சொல்லாத மூன்றாவது பொருள். டாக்டர் மு. வரதராசனார் 1949-இல் வெளியிட்ட திருக்குறள் தெளிவுரை, ஒவ்வொரு குறளையும் எளிய வாக்கியத்தில் தரும் கலையில் இன்றுவரை நமக்கு வழிகாட்டும் நூல். அதில் இக்குறளின் முன்பாதி பரிமேலழகரைத் தழுவியும், பின்பாதி ஒழுக்கம் என்று கொள்ளும் உரையைத் தழுவியும் அமைந்திருப்பதைக் காணலாம். அவர் தமக்குச் சரியென்று பட்ட பொருளைத் தந்தார். அது தெளிவுரைகாரருக்கு உள்ள உரிமை. ஓர் உரையை மட்டும் வாக்கியமாக்குபவனுக்கு அந்த உரிமை இல்லை. மேலும், ஒழுக்கம் என்ற சொல் இக்காலத்தில் தனிமனித நடத்தையின் ஒரு குறுகிய பகுதியையே பெரும்பாலும் சுட்டுவதால், அந்தப் பொருளைக் கொள்பவர் அச்சொல்லையே அப்படியே வைப்பதும் போதாது. முறையாக நடந்துகொள்வது என்று விரித்தால்தான் பழைய பொருள் வரும்.

உலகு என்பதை உலகம் என்று விட்டால் மண்ணும் மலையும் நினைவுக்கு வரும். ஆகையால் உலக வாழ்க்கை என்று வைத்தேன். அறம் பொருள் இன்பம் மூன்றுக்கும் மழை காரணம் என்னும் முடிவுரை மட்டும் என் வாக்கியத்தில் எங்கும் தங்கவில்லை. அது இந்தக் குறளைப் பற்றியது அன்று. மூன்று குறள்கள் சேர்ந்து நிற்பதைப் பற்றியது. பேருந்தில் இக்குறளை மட்டும் எழுதி வைத்திருந்தால் எப்படி அது தெரியவராதோ, அப்படியே ஒரு வாக்கியத்திலும் தெரியவராது. அதை விட்டேன், விட்டதை அறிந்தே விட்டேன்.

இவ்வளவுக்கும் பிறகு என் கையில் மிஞ்சிய வாக்கியம் இது: "எவ்வளவு உயர்ந்தவருக்கும் தண்ணீர் இல்லாமல் உலக வாழ்க்கை நடக்காது என்றால், அந்தத் தண்ணீர் எப்போதும் எங்கும் கிடைத்துக்கொண்டே இருப்பதும் மழை இல்லாமல் நடக்காது." மற்ற உரைக்கு உரிய வாக்கியத்தை இதனோடு கலக்காமல் தனியே எழுதினேன்: "தண்ணீர் இல்லாமல் உலகம் இயங்காது என்றால், யாராயிருந்தாலும் மழை இல்லாமல் முறையாக நடந்துகொள்ளவும் முடியாது."

ஆசிரியர் மறைவதற்குச் சில மாதங்களுக்கு முன் இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதி அவரிடம் கொண்டுபோனேன். கண் பார்வை மங்கியிருந்தபடியால் என்னையே படிக்கச் சொன்னார். முதல் வாக்கியத்தை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "தம்பி, 'உயர்ந்தவர்' என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் உயரமானவர் என்று நினைக்கமாட்டார்களா? பெரியவர் என்று போட்டுப் பாருங்கள்" என்றார். பெரியவர் என்றால் வயதில் மூத்தவர் என்று ஆகிவிடுமே என்றேன். சற்று நேரம் யோசித்து, "ஆமாம், ஆகிவிடும்" என்று சொல்லி, அந்தத் தாளை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.