சமம் எங்கே நிகழ்கிறது?

கூட்டுச் சராசரி, பெருக்குச் சராசரி அசமன்பாட்டை இங்கு அறியாதவர் எவருமில்லை. ஆனால் அதைக் கொண்டு சிறும மதிப்பு காணும்போது ஒரு படி தொடர்ந்து விடுபட்டுப் போகிறது. அந்த ஒரு படியைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன்.

முதலில் நிறுவல். a, b இரண்டும் மிகை எண்கள் என்றால் (√a − √b)² குறையெண்ணாக இருக்க முடியாது. விரித்தால் a + b ≥ 2√(ab). வர்க்கம் பூச்சியமாகும்போது, அதாவது a = b ஆகும்போது மட்டுமே சமக்குறி நிற்கும்.

மூன்று எண்களுக்கு வரும்போது கோஷி 1821-இல் காட்டிய வழி எனக்கு மிகவும் பிடித்தது. அவர் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகவில்லை. நான்குக்குத் தாவிவிட்டுத் திரும்பி வருகிறார். a, b ஒரு சோடி, c, d ஒரு சோடி. இரு சோடிகளின் சராசரிகளுக்கும் அதே விதியை மறுபடி பயன்படுத்தினால், நான்கு எண்களின் கூட்டுச் சராசரி அவற்றின் பெருக்குச் சராசரிக்குக் குறையாது என்று கிடைக்கிறது. இப்போது நான்காவது எண்ணாக, முதல் மூன்றின் சராசரியையே வையுங்கள். அதை m என்போம். நான்கின் சராசரியும் m தான். ஆகவே m⁴ ≥ abc·m. ஒரு m-ஐ நீக்கினால் m³ ≥ abc. என்ன அழகான திரும்பல்! இதில் ஒவ்வொரு படியிலும் சமக்குறி எப்போது நிற்கும் என்பதும் கூடவே வருகிறது: மூன்று எண்களும் சமமாக இருந்தால் மட்டுமே.

இனிப் பயன்பாடு. ஒரு லிட்டர், அதாவது 1000 கன செ.மீ. கொள்ளும் மூடியுள்ள உருளை டப்பா. குறைந்த தகரத்தில் செய்ய வேண்டும். ஆரம் r, கன அளவு V என்றால் மொத்தப் புறப்பரப்பு 2πr² + 2V/r.

விடைத்தாள்களில் அடிக்கடி காண்பது இது: இரண்டு உறுப்புகள் இருக்கின்றன, ஆகவே இரண்டும் சமமாகும்போது சிறுமம் என்று மாணவர் எழுதிவிடுகிறார். 2πr² = 2V/r என்று வைத்தால் r சுமார் 6.83 செ.மீ., உயரமும் அதே அளவு, பரப்பு சுமார் 585.8 சதுர செ.மீ. இது தவறான விடை. காரணம், இரண்டு உறுப்புகளின் பெருக்கல் 4πVr. அதில் r மிச்சமிருக்கிறது. r குறையக் குறைய வலப்பக்கமும் கீழிறங்குகிறது. நகரும் வரம்பை ஓரிடத்தில் தொட்டோம் என்பதால், அதைவிடக் கீழான மதிப்பு வேறிடத்தில் இல்லை என்றாகாது.

பெருக்கலில் r மறைய வேண்டுமானால், ஓர் r²-க்கு ஈடாக இரண்டு 1/r தேவை. ஆகவே 2πr² + V/r + V/r என்று மூன்றாகப் பிரிக்கிறோம். பெருக்கல் 2πV², மாறிலி. புறப்பரப்பு 3∛(2πV²)-க்குக் குறையாது. அது சுமார் 553.6 சதுர செ.மீ. சமம் நிகழ 2πr³ = V ஆக வேண்டும். அப்போது r சுமார் 5.42, உயரம் சுமார் 10.84, உயரமும் விட்டமும் ஒன்று. முந்தைய விடையைவிடத் தகரம் 32 சதுர செ.மீ. மிச்சம்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். ஏன் சமபாதியாகப் பிரித்தோம்? V/2r, 3V/2r என்று பிரித்தாலும் பெருக்கல் மாறிலிதானே? ஆம். அசமன்பாடும் உண்மைதான்: பரப்பு சுமார் 503-க்குக் குறையாது என்று சொல்லும். ஆனால் 503 சதுர செ.மீ. தகரத்தில் ஒரு லிட்டர் டப்பாவை எவராலும் செய்ய முடியாது. V/2r-உம் 3V/2r-உம் எந்த r-க்கும் சமமாகா. ஆகவே சமக்குறி ஒருபோதும் நிற்காது. 503 ஒரு கீழ்வரம்பு, அவ்வளவே. அடைய முடிகிற கீழ்வரம்பு மட்டும்தான் சிறும மதிப்பு.

ஆகவே, பெருக்கல் மாறிலியா என்பதோடு வேலை முடிவதில்லை. எல்லா உறுப்புகளும் ஒரே நேரத்தில் சமமாகும் r ஒன்று உண்டா, அது கணக்கு அனுமதிக்கும் எல்லைக்குள் இருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும். பல விடைக்குறிப்புகளில் இந்தச் சோதனைக்குத் தனி மதிப்பெண் இல்லை. அதனால்தான் மாணவர் அதை விட்டுவிடுகிறார் என்பது என் உறுதியான கருத்து. வினாத்தாள் அமைக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். சமம் நிகழும் புள்ளியைக் கண்டு, அங்கே மதிப்பைச் சரிபார்த்து எழுதும் வரிக்குத் தனியாக ஒரு மதிப்பெண் ஒதுக்குங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.