கடன் தீர்ப்பதில் வகாலத்

 

நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள், தாம் பட்ட ஒட்டகக் கடனைத் தோழர்கள் மூலம் தீர்த்தார்கள். இமாம் புகாரி அவர்கள் அதனை வகாலத் பற்றிய பாடத்திலும் பதிந்துள்ளார்கள். கொடுத்த கை தோழர்களுடையது, கடனோ நபியவர்களுடையது.

கல்கிசையிலிருந்து கத்தார் செல்லும் மகன், வங்கிக் கடனைச் செலுத்தும் பொறுப்பைத் தாய்மாமனிடம் ஒப்படைக்கிறான் எனக் கொள்வோம். பொது அற்றோணித் தத்துவம் எழுதினால், வீட்டை ஈடுவைக்கவும் அதில் இடமிருக்கக்கூடும். எனவே அந்த ஒரு கடனின் தவணையைச் செலுத்தவும் பற்றுச்சீட்டுப் பெறவும் மட்டும் நொத்தாரிசிடம் விசேட அற்றோணித் தத்துவம் எழுதி, பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிவு செய்வானாக.

மாமா தவணை தவறினாலும் வங்கி மகனையே கேட்கும். ஆதலால் மாதந்தோறும் பற்றுச்சீட்டின் பிரதியைப் பெற்று, அனுப்பிய தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அது அவநம்பிக்கையன்று, அமானிதத்தைக் காக்கும் வழி.