படத்துக்குள் இருக்கும் தேதி: எது சாட்சி, எது சாட்சி இல்லை

(குத்தாலத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



குடிசை எரிந்த இடத்துக்கு உண்மை அறியும் குழு போகிறது. படம் எடுக்கிறோம். அடுத்த நாளே எதிர்த்தரப்பு சொல்றான், 'இது பழைய படம், வேற ஊர்ப் படம், கம்ப்யூட்டர்ல செஞ்ச படம்'. நம்ம பக்கத்துலயும் ஒருத்தர் எழுந்து, 'படத்துக்குள்ளேயே தேதி இருக்கு, அதுவே ஆதாரம்' என்று அடித்துச் சொல்கிறார். இரண்டு பேருமே அவசரப்படுகிறார்கள். அந்தத் தேதி எங்கே இருக்கிறது, யார் போட்டது, எவ்வளவு தூரம் அதை நம்பலாம் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

டிஜிட்டல் கேமராவோ செல்போனோ படம் எடுக்கும்போது, அந்தக் கோப்பின் தலைப்பகுதியில் ஒரு சிறு குறிப்பையும் எழுதி வைக்கிறது. எந்தக் கம்பெனிக் கருவி, என்ன மாடல், எத்தனை மணிக்கு எடுத்தது, ஜி.பி.எஸ். இயங்கினால் எந்த இடம் என்றெல்லாம் அதில் இருக்கும். இதற்குப் பெயர் எக்ஸிஃப். படிப்பதற்கு எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் போதும்:

```
exiftool -a -G1 -s padam.jpg
```

திரையில் வரிசையாகப் பல வரிகள் வரும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அடைப்புக்குள் ஒரு பெயர் இருக்கும். அதை முதலில் பாருங்கள். `[System]` என்று தொடங்கும் தேதி, அந்தக் கோப்பு உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்த நேரமாகவே பெரும்பாலும் இருக்கும். அதற்கும் படம் எடுத்த நேரத்துக்கும் சம்பந்தம் இல்லை. பாதிச் சண்டை இந்த ஒரு குழப்பத்தால்தான் வருகிறது. நமக்கு வேண்டியது `[ExifIFD]` என்ற பகுதியில் வரும் `DateTimeOriginal`. படம் எடுத்த கணத்தில் கேமராவின் கடிகாரம் காட்டிய நேரம் அது.

கேமராவின் கடிகாரம் காட்டிய நேரம் என்றுதான் சொன்னேன். அது உண்மையான நேரமாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. நான் பேங்கில் கிளார்க். எங்கள் கவுண்டரில் ஒரு தேதி முத்திரை உண்டு. காலையில் வந்து யாராவது அதைத் திருப்பி வைக்க வேண்டும். திருப்பாமல் விட்டால் அன்றைக்கு வரும் செலான் எல்லாவற்றிலும் நேற்றைய தேதிதான் விழும். அதனால் செலான் போலி என்று ஆகுமா? ஆகாது. முத்திரை சரியாக விழுந்திருப்பதாலேயே செலான் உண்மை என்றும் ஆகாது. எக்ஸிஃப் தேதியும் இப்படித்தான்.

இதை ஒரு பெரிய வழக்கில் வைத்துப் பார்ப்போம். ஈழத்தில் 2009 மே மாதம் போர் முடிந்தது. பிரபாகரனின் இளைய மகன் பாலச்சந்திரன், 12 வயதுச் சிறுவன், மார்பில் குண்டுக் காயங்களோடு இறந்து கிடக்கும் படம் 2012இல் வெளியானது. சண்டையின் நடுவே சிக்கி இறந்தான் என்று சொல்லிவிட அப்போது இடமிருந்தது. 2013 பிப்ரவரியில் வேறு படங்கள் வெளியே வந்தன. மணல் மூட்டை அடுக்கிய பதுங்குகுழி ஒன்றில் அந்தச் சிறுவன் உயிரோடு உட்கார்ந்திருக்கிறான், ஏதோ தின்பண்டம் தின்றுகொண்டிருக்கிறான். சேனல் 4க்காக இந்தப் போரைப் பற்றிப் படமெடுத்த கேலம் மெக்ரே, இந்தப் படங்களும் பிணத்தின் படமும் ஒரே கேமராவில், சில மணி நேர இடைவெளியில் எடுக்கப்பட்டவை என்று எழுதினார். இலங்கை ராணுவம் மறுத்தது.

இதில் எக்ஸிஃப் எந்த அளவுக்கு உதவுகிறது? எதிர்த்தரப்பு வக்கீலாக நின்று கேட்டுப் பாருங்கள். 'அந்தக் கேமராவின் கடிகாரம் சரியாக இருந்தது என்று யார் கண்டது?' நியாயமான கேள்வி. யாரும் கண்டதில்லை. கடிகாரம் ஒரு நாள் பின்தங்கியிருக்கலாம், ஒரு வருடம்கூட முந்தியிருக்கலாம். ஆனால் தப்பாக ஓடும் கடிகாரம் இரண்டு படத்துக்கும் ஒரே அளவு தப்பைத்தான் போடும். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் தப்பு அடிபட்டுப் போகும், மிஞ்சுவது இடைவெளி மட்டுமே. இடையில் யாரும் கடிகாரத்தைத் திருப்பவில்லை, பிறகு எண்களை மாற்றவில்லை என்றால் அந்த இடைவெளி நிற்கும். தனித்தேதியைவிட இரண்டு தேதிக்கு நடுவில் உள்ள தூரம் வலுவான சாட்சி. உயிரோடு பிடிபட்டு உட்கார்ந்திருந்த பிள்ளை, அதே கேமராவின் முன்னால் சில மணி நேரத்தில் பிணமாகக் கிடந்தான் என்பதற்கு மே மாதம் எத்தனையாம் தேதி என்ற பஞ்சாயத்தே தேவையில்லை.

எக்ஸிஃப் சொல்லாததையும் சொல்லியாக வேண்டும். சுட்டது யார் என்று அது சொல்லாது. எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டார்கள் என்று சொல்லாது. அதைச் சொன்னவர் காயங்களைப் பார்த்த தடய மருத்துவர் டெரிக் பவுண்டர். மிக நெருக்கத்திலிருந்து சுடப்பட்டிருக்கிறான் என்பது அவர் கருத்து. 'ஒரே கேமரா' என்பதிலும் கவனம் வேண்டும். `Make`, `Model` இரண்டும் ஒத்துப்போனால் ஒரே மாடல் என்றுதான் பொருள். அந்த மாடலில் லட்சம் கருவி விற்றிருக்கும். சில கேமராக்கள் `SerialNumber` எழுதும், அது ஒத்துப்போனால் பிடி இறுகும். செல்போன்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை. கடைசியாக ஒன்று: எக்ஸிஃப் எண்களை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். படிக்க உதவும் அதே மென்பொருளே ஒரே வரியில் மாற்றியும் கொடுக்கும். ஆகவே எக்ஸிஃப் தனியாக நிற்காது. காயம், நிழல், உடை, இடம் இவற்றோடு சேர்ந்துதான் நிற்கும்.

தேதி விநோதமாக இருந்தால் என்ன செய்வது? அதற்கும் அதே போரிலிருந்து ஒரு பாடம் இருக்கிறது. 2009 ஆகஸ்டில் சேனல் 4 ஒரு வீடியோவை ஒளிபரப்பியது. கைகள் பின்னால் கட்டப்பட்ட நிர்வாண மனிதர்களைச் சிப்பாய்கள் சுட்டுக் கொல்லும் காட்சி. இலங்கை அரசு போலி என்றது. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் மூன்று நிபுணர்களிடம் அதைக் கொடுத்துச் சோதித்தார். வீடியோவுக்கு எக்ஸிஃப் என்ற பெயர் பொருந்தாது, ஆனால் அதற்குள்ளும் இதேபோலத் தேதிக்குறிப்பு உண்டு. அதில் இருந்த தேதி 2009 ஜூலை 17. போர் முடிந்து இரண்டு மாதம் ஆன பிறகு வரும் தேதி! நிபுணர்களால் அதை விளக்க முடியவில்லை. 2010 ஜனவரியில் வெளியிட்ட முடிவில் ஆல்ஸ்டன் இதை மறைக்கவில்லை. விளக்க முடியாதவை என்று சிலவற்றைப் பட்டியலிட்டு, அதில் இந்தத் தேதியையும் சேர்த்தார். வீடியோ உண்மையானதாகவே தோன்றுகிறது என்ற முடிவுக்கு இவை முரணாகவில்லை என்றும் சொன்னார். 2011இல் அவருக்குப் பின் வந்த கிறிஸ்டாஃப் ஹெய்ன்ஸ், அதன் நீளமான வடிவத்தைச் சோதிக்கச் செய்து அது உண்மையானது என்றே முடிவுக்கு வந்தார்.

ஒரு தேதி தப்பாக வர எத்தனையோ வழி இருக்கிறது. கடிகாரம் சரியாக வைக்கப்படாமல் இருந்திருக்கலாம். வேறு கருவிக்கு மாற்றும்போது புதுத்தேதி விழுந்திருக்கலாம். கேமராவின் பேட்டரி முழுக்கத் தீர்ந்தால் கடிகாரம் ஏதோ ஒரு பழைய ஜனவரி 1க்குப் போய்விடும். விநோதமான தேதி 'இங்கே ஒரு கேள்வி இருக்கிறது' என்று காட்டும். 'போலி' என்ற பதிலை அது தராது.

கடிகாரம் தப்பு என்று சில சமயம் படமே காட்டிக்கொடுக்கும். எடுத்துக்காட்டுக்கு நானே போட்ட எண்கள் இவை:

```
DateTimeOriginal : 2024:03:10 09:20:05
GPSTimeStamp     : 05:05:02
```

இரண்டாவது வரியில் இருப்பது செயற்கைக்கோள் தந்த நேரம். அது எப்போதும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரத்துக்குக் கொண்டுவர ஐந்தரை மணி கூட்டுங்கள்: 10:35:02. கேமராவோ 9:20 என்கிறது. அப்படியானால் கடிகாரம் ஒன்றேகால் மணி பின்தங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். ஐந்தரை மணி கூட்ட மறந்தவன்தான் 'விடியற்காலை ஐந்து மணிக்கு இவ்வளவு வெயிலா' என்று கேட்பான். ஜி.பி.எஸ். நேரமும் சில சமயம் முந்தைய இடத்தில் பிடித்த பழைய நேரமாக இருக்கும் என்பதால் சில நிமிட வித்தியாசத்தைப் பெரிதாக்காதீர்கள்.

ஜி.பி.எஸ். இல்லாத கேமராவில் தேதி தப்பு என்று தெரிந்தால் உடனே திருத்திவிடாதீர்கள். நேரம் சரியாக உள்ள ஒரு செல்போன் திரையை அதே கேமராவால் ஒரு படம் எடுங்கள். திரையில் தெரியும் நேரத்துக்கும் எக்ஸிஃப் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதி வையுங்கள். அதன் பிறகு திருத்துங்கள். அன்று எடுத்த எல்லாப் படத்துக்கும் அந்த வித்தியாசம் பொருந்தும்.

எக்ஸிஃப் ஒன்றுமே இல்லாவிட்டால்? பதறாதீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி எக்ஸிஃபை உதிர்த்துவிடும். ஸ்கிரீன்ஷாட்டில் கேமராவின் குறிப்பு இருக்காது. இல்லாமை காட்டுவது ஒன்றைத்தான்: கையில் இருப்பது மூலக் கோப்பு இல்லை. மூலத்தைத் தேடிப் போக வேண்டும், அவ்வளவே. `IMG-20240312-WA0007.jpg` என்ற பெயரில் இருக்கும் தேதியும் வாட்ஸ்அப் வழியாக வந்த நாளைக் குறிப்பதுதான். `Software` என்ற வரியைப் பார்த்தும் மிரள வேண்டாம். பல போன்கள் தங்கள் இயங்குதளத்தின் எண்ணையே அங்கே எழுதும். 'ஃபோட்டோஷாப்' என்று இருந்தாலும் அளவைக் குறைக்க மட்டும் திறந்திருக்கலாம்.

மறுபக்கமும் உண்டு. எல்லா எண்ணும் சரியாக இருந்தும் படம் பொய் சொல்லலாம். நூறு நாள் வேலையில் ஆட்களைப் படமெடுத்துச் செயலியில் ஏற்றும் முறை வந்தது. 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது: வேலைத்தளத்தை எடுக்காமல், பழைய படத்தையே திரும்பப் படமெடுத்து ஏற்றுகிறார்கள் என்று. கேமரா உண்மை, நேரம் உண்மை, இடமும் உண்மையாக இருக்கும். எதிரே இருந்தது மட்டும் படம். லென்ஸுக்கு முன்னால் என்ன இருந்தது என்று எக்ஸிஃபுக்குத் தெரியாது.

ஆகவே களத்தில் செய்ய வேண்டியது சில. படமெடுத்த போனிலிருந்து மூலத்தை அழிக்காதீர்கள். வயர் போட்டு நகலெடுங்கள், அல்லது வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' என்று அனுப்புங்கள், அப்போது எக்ஸிஃப் கூடவே வரும். வாங்கிய அன்றே இதை ஓட்டுங்கள்:

```
sha256sum padam.jpg
```

வரும் நீண்ட எண், அந்தக் கோப்பின் கைரேகை. ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தில் அது 63ஆம் பிரிவு, அதன் சான்றிதழ்ப் படிவமே இந்தக் கைரேகை எண்ணைக் கேட்கிறது. படத்தில் பாதிக்கப்பட்டவர் வீடு இருந்தால், வெளியே விடும் நகலில் மட்டும் எக்ஸிஃபை நீக்கிவிடுங்கள். இடக்குறிப்பு நேராக வாசலுக்கே வழி காட்டும்.

அறிக்கை எழுதும்போது, 'இந்தப் படம் மார்ச் 10 காலை எடுக்கப்பட்டது' என்று எழுதாதீர்கள். 'இன்னாருடைய போனிலிருந்து எங்கள் கைக்கு நேராக வந்த கோப்பில் கேமராவின் கடிகாரம் மார்ச் 10, காலை 9:20 என்று காட்டுகிறது. கடிகாரம் ஒன்றேகால் மணி பின்தங்கியிருந்ததாக ஜி.பி.எஸ். நேரத்தோடு ஒப்பிட்டபோது தெரிகிறது. 10:30 மணி வாக்கில் புகை பார்த்ததாக மூன்று பேர் சொல்கிறார்கள்' என்று எழுதுங்கள். முதல் வாக்கியத்தை ஒரு கேள்வியில் உடைத்துவிடலாம். இரண்டாவதை உடைக்க அந்த மூன்று பேரையும் கேமராவையும் செயற்கைக்கோளையும் சேர்த்துப் பொய் என்று சொல்லியாக வேண்டும்.