பாதி சம்பளத்துக்குத்தான் பி.எஃப்.ஆ?

ஷிப்ட் முடிந்த களைப்போடு மறைமலை நகரிலிருந்தும் ஒரகடத்திலிருந்தும் இந்த வண்டலூர்க் கூட்டத்துக்கு வந்திருக்கிறீர்கள். உங்கள் சம்பளச் சீட்டில் உள்ள ஒரே ஒரு வரியைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

மாதம் 14,000 ரூபாய் வாங்கும் ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளியின் சீட்டை எடுத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் 6,000, சிறப்புப் படி 6,000, வீட்டு வாடகைப் படி 2,000. பி.எஃப். பிடித்தம் 720. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் உங்கள் பங்கு 12 சதவீதம், முதலாளி பங்கும் 12 சதவீதம். 6,000-க்கு 12 சதவீதம் 720. கணக்கு சரிதானே என்பார்கள். பெருக்கல் சரி, பெருக்க எடுத்த தொகைதான் தவறு!

அந்தச் சிறப்புப் படி யாருக்குக் கொடுக்கப்படுகிறது? கூடுதலாக உழைத்தவருக்கு மட்டுமா? இல்லை, எல்லோருக்கும், மாதம் தவறாமல். அப்படி எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கும் படி அடிப்படைச் சம்பளத்தில்தான் சேரும் என்று 2019 பிப்ரவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் விவேகானந்தா வித்யாமந்திர் வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வாடகைப் படிக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. அதை நாம் கேட்கவில்லை. மீதி 12,000-க்குக் கணக்குப் போடு என்கிறோம். அப்போது உங்கள் பங்கு 1,440, முதலாளி பங்கும் 1,440.

‘பிடித்தம் கூடினால் கைக்கு வரும் பணம் குறையுமே’ என்று ஒரு தங்கை கேட்டார். குறையும், அம்மா. மாதம் 720 குறையும். ஆனால் அது உங்கள் கணக்கில்தான் சேருகிறது, கூடவே முதலாளியும் இன்னொரு 720 போட்டாக வேண்டும். இன்று அவர் மிச்சம் பிடிப்பது அந்த 720-ஐத்தான். ஆண்டுக்கு 8,640 ரூபாய், ஒரே ஒரு தொழிலாளியிடம்!

பாஸ்புக்கில் முதலாளி பங்கு 220 என்று பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. அவர் கட்டும் 12-இல் 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. 720-இல் 500 அங்கே போய்விட, மீதிதான் 220. அந்த ஓய்வூதியமும் இதே சம்பளத்தை வைத்துத்தான். கணக்கில் எடுக்கும் சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். பதினான்கு ஆண்டு உழைத்தவருக்கு 12,000 என்றால் மாதம் 2,400 ரூபாய். 6,000 என்றால் 1,200. முதுமையிலும் பாதி!

15,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் போனால், 1,800-ஓடு நிறுத்திக்கொள்ள முதலாளிக்கு வழி இருக்கிறது. நம்மில் பலர் அந்த வரம்பையே தொடவில்லை, அவர்களுக்கு அந்தச் சாக்கும் செல்லாது.

இன்னும் கொடுமை, சில காண்ட்ராக்டர்கள் முதலாளி பங்கையும் உங்கள் கூலியிலேயே பிடிக்கிறார்கள். எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருந்தாலும் அது சட்டவிரோதம். காண்ட்ராக்டர் கட்டாமல் ஓடினால், வேலை வாங்கிய கம்பெனிதான் பொறுப்பு.

இன்றிரவு பாஸ்புக்கைத் திறந்து, உங்கள் பங்கை 12-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். வரும் தொகையைச் சம்பளச் சீட்டோடு ஒப்பிடுங்கள். வாடகைப் படியும் ஓவர்டைமும் போக மீதியைவிடக் குறைந்திருந்தால், மூன்று மாதச் சீட்டின் நகலைச் சங்கத்தில் கொடுங்கள். எல்லா நகலையும் ஒரே மனுவாகக் கட்டி பி.எஃப். அலுவலகத்துக்கு நாம் சேர்ந்தே எடுத்துப் போவோம்!